மகளும் மனைவியுமான

அப்பத்தாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதியும் இல்லை, மாதமும் இல்லை. 'பிறந்த ஆண்டு: 1968' என்று மட்டும் இருந்தது. என் அப்பா பிறந்தது 1979. அட்டையை நம்பினால், அப்பத்தா பதினோரு வயதில் அப்பாவைப் பெற்றிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக ரேஷன் கடை, வங்கி, நூறு நாள் வேலை என்று எல்லா இடத்திலும் அந்த அட்டையை நீட்டியிருக்கிறார். ஒருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. போடவேண்டிய அவசியமும் வரவில்லை, முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுக்கும் வரை.

1968 எப்படி வந்தது என்று அப்பத்தாவிடமே கேட்டேன். ஆதார் எடுக்க ஊருக்குள் முகாம் போட்டிருந்தபோது கம்ப்யூட்டர்காரப் பையன் வயது கேட்டிருக்கிறான். "எனக்கென்னய்யா தெரியும், ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு போட்டுக்கோன்னேன். அவன் என்னத்தத் தட்டினானோ." அந்தக் காலத்தில் எந்தச் சான்றும் கேட்கவில்லை, வாயால் சொன்னதே போதும். பிறகு ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டாக மாறியபோது ஆதாரிலிருந்த வருடமே அதிலும் ஏறியது. வங்கியிலும் அதே. இப்போது மூன்று இடங்களில் 1968 இருப்பதால் அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் வீடு கோட்டையூர் பக்கம். அப்பா இல்லை. அம்மா காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். தாத்தா பக்கவாதம் வந்து திண்ணையோடு இருக்கிறார். அவர் இருக்கிறார் என்பதால் அப்பத்தாவுக்கு விதவை உதவித்தொகைக்கும் வழியில்லை. முதியோர் உதவித்தொகை மட்டும்தான். 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாய். தாத்தாவின் மாத்திரைக்கும் அப்பத்தாவின் வெற்றிலைக்கும் காணும். 2024 தொடக்கத்தில் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். ஆதார் எண்ணைத் தட்டியதும் வயது தானாகவே திரையில் வந்து நின்றது. "அம்மாவுக்கு அறுபது முடியலையே" என்றார் அங்கிருந்த பெண். அப்பத்தா சிரித்துவிட்டார்.

நான் விடவில்லை. இந்தத் திட்டம் மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டத்தில் வருவது. வயதை எப்படி முடிவு செய்வது என்று அதன் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ பார்க்கலாம். அவை இல்லையென்றால் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் கணக்கில் எடுக்கலாம். எதுவுமே இல்லையென்றால் அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கலாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் காட்டினேன். எழுத்தர் பொறுமையாகப் படித்தார். "நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா கம்ப்யூட்டர்ல ஏறணுமே. ஆதாரத் திருத்திட்டு வாங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது பதிவிறக்கும் ஆதாரிலேயே அது அடையாளத்துக்குத்தான் சான்று, பிறந்த தேதிக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் வயதைத் தீர்மானிக்க ஆதார் சான்றாகாது என்றுதான் சொன்னது. சட்டம் அப்படி இருக்கிறது, கவுன்டர் இப்படி இருக்கிறது.

சரி, ஆதாரைத் திருத்தலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதற்கு அவர்கள் ஏற்கும் ஆவணங்களில் எங்களைப் போன்றவர்களுக்குக் கைக்கு எட்டுவது பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். அப்பத்தாவிடம் பாஸ்போர்ட் கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கே ஒரு மழைக்காலம் மட்டும் போயிருக்கிறார். தம்பி பிறந்ததும் தொட்டில் ஆட்ட நிறுத்திவிட்டார்கள். ஒரே வாய்ப்பு என்பதால் குத்துமதிப்பாக ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது.

கையில் இருந்த நல்ல துருப்பு பழைய வாக்காளர் அட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தோடு, 1.1.1995 அன்று வயது 34 என்று போட்டிருந்தது. அப்படியானால் பிறந்தது 1960. ஆதாரில் தேதி மாற்ற இது உதவாது. ஆனால் எந்த வருடப் பதிவேட்டில் தேடவேண்டும் என்று சொல்லிவிட்டது. மிச்சத்தை அப்பத்தா சொன்னார்: "நான் பொறந்தது செவ்வாக்கெழம. புள்ளையார் சதுர்த்திக்கு முந்துன செவ்வா. எங்காத்தா கொழுக்கட்ட திங்க முடியலன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

அந்தக் காலத்தில் கிராமத்துப் பிறப்பு இறப்புகளைக் கிராம முன்சீப்தான் எழுதிவந்தார். 1980-இல் முன்சீப் பதவி ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வரும் வரை இதுதான் ஏற்பாடு. அந்தப் பழைய பதிவேடுகள் இப்போது சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கின்றன. எங்கள் ஊர் எந்த அலுவலகத்தில் வருகிறதோ அங்கே மனுப் போட்டேன். பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயரை வைத்துத் தேடுவதில் பொருளில்லை என்பது அங்கேதான் புரிந்தது. குழந்தை பிறந்த சில நாளில் தலையாரி வந்து சொல்ல, முன்சீப் எழுதிக்கொள்வார். அப்போது குழந்தைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தேதி, ஆணா பெண்ணா, அப்பா பெயர், அம்மா பெயர், தொழில், இவ்வளவுதான் இருக்கும். ஆகவே கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயர்களைக் கொடுத்து 1959 முதல் 1961 வரை தேடச் சொன்னேன். மூன்று வருடத்திலும் இல்லை. அடுத்த வாரம் 'பதிவு இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு தாமதப் பதிவுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். உண்மைதான். 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான அதிகாரி போன்றவர்களின் உத்தரவு வேண்டும். பதிவே இல்லாதவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அங்கேயும் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள். அப்பத்தா பிறந்ததைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்?

இதற்கிடையில் ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை. கொள்ளுப்பாட்டியின் அம்மா ஒரு செட்டியார் வீட்டில் சமையலுக்கு இருந்தவர். "செட்டியார் வீட்டுக் கணக்குல இருக்கும்டா, பேறுகாலத்துக்குக் குடுத்த அரிசியக்கூட எழுதி வச்சிருப்பாக" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால், அந்த வீட்டுப் பங்காளிகள் எல்லாரும் சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், கணக்கு ஏடுகளும் தகரப் பெட்டிகளும் எப்போதோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன என்றார். இருந்திருந்தாலும் அதை எந்தக் கவுன்டரும் வாங்கியிருக்காது. ஆனால் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சமையல் பார்த்தது கொள்ளுப்பாட்டியின் அம்மா. அந்த வீடு இருப்பது கடியாபட்டி பக்கம்.

அப்பத்தா தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவம் எங்கே நடக்கும்? அம்மா வீட்டில்தான். பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் எழுதுவார்கள்; அப்பா எந்த ஊர்க்காரர் என்பதைப் பார்ப்பதில்லை. கோட்டையூர் பக்கம் வளர்ந்ததால் அங்கேயே பிறந்ததாக அப்பத்தாவும் நினைத்திருந்தார். ஊரில் மிச்சமிருந்த மூத்த கிழவியைக் கேட்டோம். "ஏழாம் மாசமே அவ ஆத்தாளக் கூட்டிட்டுப் போயிட்டாகளே. புள்ளைக்கு மூணு மாசம் ஆகித்தான் கொண்டாந்து விட்டாக" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

செட்டிநாடு என்று சொல்லும்போது நாம் ஒரே ஊர் மாதிரிப் பேசுகிறோம். சம்பந்தம், சந்தை, கோவில் எல்லாம் அப்படித்தான். ஆனால் காகிதத்தில் அது இரண்டாகக் கிடக்கிறது. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் இந்தப் பக்கம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, ராயவரம் அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தாலுகா. பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1960-இல் இந்த இரண்டு மாவட்டங்களுமே கிடையாது. எங்கள் ஊர் அப்போது ராமநாதபுரம் ஜில்லா. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அப்புறம் 1974-இல் தனி மாவட்டம் ஆகும் வரை திருச்சி ஜில்லாவோடு இருந்தது. ஆக, அப்பத்தா பிறந்தது திருச்சி ஜில்லாவில், வளர்ந்தது ராமநாதபுரம் ஜில்லாவில். நாங்கள் தேடியது முழுக்கத் தப்பான ஜில்லாவில். சுற்றுவட்டாரத்தில் வயதுச் சான்றுக்கு அலையும் யாரையாவது பார்த்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்க ஆத்தாவுக்கு அம்மா வீடு எந்த ஊர்?

திருமயம் பக்கத்துப் பதிவேட்டில், அந்த ஊருக்கான 1960-ஆம் வருடத்துப் பக்கங்களில், அது இருந்தது. எழுத்தர் தாளைத் திருப்பி எனக்குக் காட்டினார். 23.8.1960. பெண். கொள்ளுத்தாத்தா பெயர், கொள்ளுப்பாட்டி பெயர். தொழில் என்ற இடத்தில் 'கூலி'. கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கடைசியில் இருக்கும் 'ஐயா'வை முன்சீப் விட்டுவிட்டு 'ன்' போட்டு முடித்திருந்தார். கூலிக்காரன் பேரை அப்படித்தான் எழுதுவது அன்றைய வழக்கம். நான் அங்கேயே செல்பேசியில் பழைய நாட்காட்டியைத் தட்டிப் பார்த்தேன். 1960 ஆகஸ்ட் 23 செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் அமாவாசை. சதுர்த்தி அந்த வாரக் கடைசிப் பக்கம்.

எனக்கு அது போதும். அலுவலகத்துக்குப் போதாது. பதிவேட்டில் இருப்பது பெயரில்லாத ஒரு பெண் குழந்தை, இன்னாருக்குப் பிறந்தது என்று. அந்தக் குழந்தைதான் இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவி என்பதற்கு என்ன சாட்சி? அப்பத்தாவின் தாள்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். வாக்காளர் அட்டையில் கணவர் பெயர். ரேஷன் கார்டில் கணவர் பெயர். ஆதார், வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, எல்லாவற்றிலும் தாத்தா பெயர்தான். பதிவேட்டிலோ அப்பா பெயர் மட்டும். பதினெட்டு வயதில் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்பத்தா ஒரு தாளில்கூட அவருடைய அப்பாவுக்கு மகளாக இல்லை. பள்ளிச் சான்று இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது; பள்ளி அப்பா பெயரைத்தான் எழுதும். படிக்காத, கல்யாணமான பெண்களுக்கு இரண்டு கரை இருக்கும், நடுவில் பாலம் இருக்காது.

"அப்பா பேரும் புருஷன் பேரும் சேந்து இருக்கிற மாதிரி ஒரு தாள் கொண்டாங்க. பதிவு செஞ்ச பத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார் எழுத்தர். அப்பத்தா உடனே, "நான் சொத்து வாங்குனதில்லையே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, பேருந்தில், தானாகவே சொன்னார்: "வாங்கலதான். விட்டுக் குடுத்திருக்கேன்."

கொள்ளுத்தாத்தா இறந்தபிறகு, கண்மாய்க்கரையில் இருந்த கொஞ்ச நிலத்தை முழுக்கத் தம்பி பெயருக்கு மாற்ற அப்பத்தா 1998-இல் விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார். 1989-இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபிறகு, அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் இந்தக் கைநாட்டு வாங்குவது எங்கள் பக்கம் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, மதியச் சாப்பாடு. அப்பத்தாவுக்கு அன்றைக்கு என்ன சாப்பாடு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

நகல் எடுப்பது கஷ்டமில்லை. பட்டாவிலிருந்து சர்வே எண்ணை எடுத்து வில்லங்கம் போட்டால் பத்திர எண் வந்துவிடும். அதை வைத்து மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். தம்பியிடம் கேட்கவே தேவையில்லை என்று சொன்னேன். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் சொத்துப் பத்திரத்த அவனுக்குத் தெரியாம எடுக்கறதா? நாளைக்கி ஊர்ல என்ன பேசுவாக?"

போனோம். தம்பி தாத்தா அக்காவைப் பார்த்ததும் எழுந்து கட்டிலைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது. அப்பத்தா விஷயத்தைச் சொன்னதும் அவர் தரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு மதினி பத்திரம்?" நான் விளக்க ஆரம்பித்தேன். ஆதார், பதிவேடு, பெயரில்லாத பதிவு. என் விளக்கம் நீள நீள அந்த அம்மாவின் முகத்தில் சந்தேகம்தான் கூடியது. படித்த பேரன் ஒருவன் ஃபைலோடு வந்து இவ்வளவு பேசினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அப்பத்தா என் கையைத் தட்டி நிறுத்தினார்.

"எனக்கு நெலம் வேணாம்டா தம்பி. வேணும்னா அன்னைக்கே கேட்டிருப்பேன். நான் அப்பனுக்குப் பொறந்தவன்னு எழுதுன தாளு இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான் இருக்காம். அத இவன் போட்டோ புடிச்சுக்கிட்டும். பெட்டிய விட்டு எடுக்கக்கூட வேணாம்."

தம்பி தாத்தா எழுந்து உள்ளே போனார். இரும்புப் பெட்டியைத் திறக்கும் சத்தம், கணவன் மனைவி இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசும் சத்தம். பத்திரத்தோடு வந்து அக்கா மடியில் வைத்தார். "நகலெல்லாம் எதுக்கு. அசலக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்து குடு" என்றார் என்னிடம். அந்த அம்மாவும் நிலையருகே வந்து நின்றுவிட்டு, "நனையாமக் கொண்டு போப்பா" என்றார். மனதார வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சொன்னார்.

அதில் வழக்கமான பத்திர எழுத்தர் நடையில் இருந்தது: இன்னார் அவர்கள் மகளும், இன்னார் அவர்கள் மனைவியுமான, சுமார் 38 வயதுள்ள, என்று தொடங்கி அப்பத்தாவின் பெயர். அப்பா, கணவர், வயது, பெயர், எல்லாம் ஒரே வரியில். 1998-இல் 38 என்றால் அதே 1960. பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிய தாளில்தான் அவர் அப்பனுக்கு மகள் என்பது எழுதியிருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பத்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "நல்லவேள கைநாட்டு வச்சேன்" என்றார்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன, அல்லது அலைச்சல் பழகிவிட்டது. 2000-க்கு முன் பதிவான பிறப்புகளில் விடுபட்ட பெயரைச் சேர்க்க 2024 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் மனு போய்விட்டது. பெயரைச் சேர்க்கும்போது ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆதாரில் ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் இருக்கின்றனவோ, தேவையில்லாமல் சேர்ந்த ஓர் எழுத்து உட்பட, அதே எழுத்துகள் சான்றிதழிலும் வரவேண்டும். இங்கே திருத்தமாக எழுதினால் அங்கே பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடுவார்கள். அப்பா பெயரில் 'ன்' இருப்பதற்கு, இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தோம்.

ஆதாரில் தேதி மாற்ற அப்போது ஐம்பது ரூபாய். எட்டு வருட வித்தியாசம் என்பதால் மனு வாரக்கணக்கில் பரிசீலனையில் நின்றது. நான் தினமும் நிலையைத் தட்டிப் பார்த்தேன். மாறியதும் உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலரின் பரிந்துரை, வருவாய் ஆய்வாளரின் வீட்டு விசாரணை. ஆய்வாளர் வயதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டு ஓட்டையும் தாத்தாவையும் பார்த்துவிட்டு, யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

2025-இல் பணம் வரத் தொடங்கியது. உத்தரவு வந்த மாதத்திலிருந்துதான் கணக்கு. அறுபது முடிந்தது 2020 ஆகஸ்டில். இடைப்பட்ட வருடங்களுக்கு நிலுவை என்று எதுவும் கிடையாது. முதலில் ஆயிரம் வீதமும் பிறகு 1,200 வீதமும் கூட்டிப்பார்த்தேன். அறுபதாயிரத்தைத் தாண்டியது. அப்பத்தாவிடம் சொன்னேன்.

"அந்த கம்ப்யூட்டர்ப் பய எட்டு வருஷத்த இளமையாக்கி வச்சானே, அதுக்குக் கூலியா அத எடுத்துக்கிட்டும்" என்றார்.

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ரேஷன் கார்டில் இன்னும் 1968 இருக்கிறது. வங்கியிலும். அடுத்த வாரம் லீவு போட்டு அதை மாற்ற வேண்டும். கூடவே பக்கத்துத் தெருவில் இன்னொரு அம்மா வந்து நிற்கிறார். அவர் ஆதாரில் 1971, மகனுக்கு நாற்பத்தொன்பது வயது. அவருடைய அம்மா வீடு பொன்னமராவதி பக்கமாம்.